பெட்டியின் அளவை இரவிலேயே எடுத்துவிடுங்கள்

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அடக்க ஏற்பாடுகள் செய்து கொடுப்பது என் தொழில். இரவு வீட்டில் ஜெபமும் பாட்டுமாக எல்லோரும் கண்விழித்திருக்கும்போதே, காலையில் வேதம் வாசிப்பது யார், பெட்டியைத் தூக்குவது யார் என்றெல்லாம் பேசி முடித்துவிடுவார்கள். குழி வெட்டுகிறவருக்கு என்ன அளவு சொன்னோம் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

ஒரு வீட்டில் மகன் போனில், "அப்பா ஆறடி இருப்பார்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அதை வைத்து ஆறரை அடி நீளம், 2 அடி அகலத்தில் குழி வெட்டிவிட்டார்கள். பெட்டியின் நீளம் 6 அடி 4 இன்ச், அது சரி. தோள்பட்டை அகலம் 23 இன்ச். ஆனால் இரண்டு பக்கமும் கைப்பிடி 2 இன்ச் துருத்திக்கொண்டிருந்தது. ஆக மொத்தம் 27 இன்ச். குழியோ 24.

ஊர்வலம் வந்து, போதகர் ஜெபித்து, கயிற்றைத் தளர்த்தினோம். குறுகலான கால்பக்கம் இறங்கியது, தோள்பக்கம் விளிம்பில் சிக்கி நின்றது. பெட்டி சாய்ந்தது. உள்ளே உடல் நகரும் சத்தம் மெதுவாகக் கேட்டது. பக்கத்தில் நாற்காலியில் இருந்த அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டார். பெட்டியை மேலே எடுத்து, பக்கங்களை வெட்டி அகலப்படுத்த 40 நிமிடம் ஆனது. அதுவரை ஒவ்வொரு பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

இதைத் தவிர்க்க, பெட்டி வீட்டுக்கு வந்ததும் டேப் வைத்து வெளிவிளிம்பை அளந்துவிடுங்கள். தோள்பக்கத்தில் கைப்பிடியிலிருந்து கைப்பிடி வரை. நீளத்தில் மூடியின் விளிம்பையும் சேர்த்து. ஒவ்வொரு பக்கமும் 3 இன்ச் கூட்டிக்கொள்ளுங்கள். மேலே சொன்ன பெட்டிக்குக் குழி 33 இன்ச் அகலம், 6 அடி 10 இன்ச் நீளம் வேண்டியிருந்தது. அளவை வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள்.

குடும்பக் கல்லறை என்றால் வரிசையே மாறும். உள்ளே செங்கல் சுவர் இருந்தால் கடைசி நேரத்தில் அகலப்படுத்த முடியாது. முதலில் கல்லறையின் உள்ளளவை எடுத்து, அப்புறம்தான் பெட்டிக்குச் சொல்ல வேண்டும். பெரிய கைப்பிடி அழகாக இருக்கிறது என்று ஆசைப்பட்டால் அங்கே நுழையாது.

நான் இப்போது பெட்டியின் அகலத்துக்கு ஒரு குச்சி வெட்டி, ஊர்வலம் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒருவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். மேலே மட்டும் பார்த்தால் போதாது. வெட்ட வெட்டக் குழி கீழே குறுகிவிடும். குச்சி அடிவரை தடையில்லாமல் போக வேண்டும்.

அன்று அடக்கம் முடிந்து எல்லோரும் வீட்டில் கூடியபோது, அப்பாவைப் பற்றிப் பேச வந்தவர்கள்கூட பெட்டி சிக்கியதைத்தான் பேசினார்கள். மகன் தலை நிமிரவே இல்லை. ஆறடி என்று சொன்னது அவர்தானே. அளவு கேட்டு வாங்க வேண்டியது நான்.