ஒரு சதுர மீட்டருக்குக் கால் லிட்டர்: சாலையின் அடியில் ஒட்ட வேண்டிய கணக்கு

தார்ச்சாலை போடும் இடத்தில் மக்கள் பார்ப்பது ஆவி பறக்கும் கலவையையும் ரோலரையும்தான். அதற்கு முன்னால், பழுப்பு நிறத் திரவத்தைத் தெளித்தபடி ஒரு வண்டி கடந்து போவதை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. தரக்கட்டுப்பாட்டுப் பணியில் இருக்கும் என்னைப் போன்றவர்கள் அங்கேதான் நிற்க வேண்டும் என்பது என் கருத்து. புதிதாகப் போட்ட சாலை சில மாதங்களிலேயே தோல் உரிந்தாற்போலத் தகடு தகடாகப் பெயர்ந்து வருவதை நீங்கள் பார்த்திருந்தால், மேலே போட்ட கலவையைக் குறை சொல்வதற்கு முன் அந்தத் திரவம் சதுர மீட்டருக்கு எத்தனை லிட்டர் விழுந்தது என்று கேட்க வேண்டும்.

தெளிக்கப்படுவது ஒரே திரவம் அல்ல. ஜல்லியும் துகளும் தண்ணீரும் கலந்து இறுக்கிய வெட் மிக்ஸ் அடித்தளத்தின் மீது முதலில் தெளிப்பது பிரைம் கோட். அது உள்ளே இறங்கி, மேற்பரப்புத் துகள்களைக் கட்டி, நுண்துளைகளை அடைக்க வேண்டும். அதனால்தான், தாரை நுண்துளிகளாகத் தண்ணீரில் கலந்த எமல்ஷன்களில், தாரும் தண்ணீரும் மெதுவாகப் பிரியும் எஸ்.எஸ்.1 வகையைப் பயன்படுத்துகிறோம். அதற்குப் பின் தெளிக்கும் டேக் கோட்டின் வேலை உள்ளே இறங்குவதன்று, இரண்டு அடுக்குகளைப் பசைபோல ஒட்டவைப்பது. அதற்கு விரைவில் பிரியும் ஆர்.எஸ்.1 வேண்டும். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்க முடியாது. பிரைம் கோட்டைத் தவிர்த்துவிட்டு ஆர்.எஸ்.1-ஐ வெட் மிக்ஸ் மீது தாராளமாக அடித்த இடங்களைப் பார்த்திருக்கிறேன். அது துகளைத் தொட்டதும் பிரிந்து, மேலேயே ஒரு கறுப்புத் தோலாக நின்றுவிடுகிறது. முதல் டிப்பரின் சக்கரத்தோடு அந்தத் தோலும் உரிந்து வந்துவிடும்.

மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தின் 2013ஆம் ஆண்டு விவரக்குறிப்பில் பிரிவு 502 பிரைம் கோட்டுக்கும் பிரிவு 503 டேக் கோட்டுக்கும் உரியவை. வெட் மிக்ஸ் தளத்துக்கு எஸ்.எஸ்.1 சதுர மீட்டருக்கு 0.7 முதல் 1.0 கிலோ வரை. பிரைம் செய்த ஜல்லித் தளத்தின் மீது ஆர்.எஸ்.1 டேக் கோட் 0.25 முதல் 0.30 வரை, ஏற்கெனவே உள்ள தார்த்தளத்தின் மீது 0.20 முதல் 0.30 வரை, சிமெண்ட் கான்கிரீட் மீது 0.30 முதல் 0.35 வரை. அட்டவணை கிலோவில் சொன்னாலும், எமல்ஷனின் அடர்த்தி ஏறத்தாழ தண்ணீரை ஒத்தது என்பதால், களத்தில் லிட்டரும் கிலோவும் ஒன்றே என்று எடுத்துக்கொள்வதில் பெரிய பிழை வராது. பிழை வருவது வேறோர் இடத்தில். இந்த எண்கள் தெளிக்கும் எமல்ஷனின் அளவே தவிர, தரையில் மிஞ்சும் தாரின் அளவு அல்ல. ஆர்.எஸ்.1-இல் தார் குறைந்தது 60 விழுக்காடு இருக்க வேண்டும், மீதியில் பெரும்பகுதி தண்ணீர். ஆகவே 0.25 கிலோ தெளித்தால், தண்ணீர் போன பிறகு தரையில் இருப்பது 0.15 கிலோ மட்டுமே.

இந்த வேறுபாடு புத்தகத்தோடு நின்றுவிடும் செய்தி அல்ல. தெளிப்பின் அளவை அறிய நாங்கள் செய்வது தட்டுச் சோதனை. 30 செ.மீ.க்கு 30 செ.மீ. அளவுள்ள தட்டை எடைபோட்டு, வண்டி வரும் பாதையில் வைத்து, தெளிப்பு முடிந்ததும் மீண்டும் எடைபோட வேண்டும். தட்டின் பரப்பு 0.09 சதுர மீட்டர் என்பதால், 0.25 கிலோ விழுந்திருந்தால் எடை 22.5 கிராம் கூடியிருக்கும். ஒரு மாவட்டச் சாலைப் பணியில் இளம் உதவிப் பொறியாளர் ஒருவர் தட்டுகளை ஒழுங்காக வைத்தார், ஆனால் மாலையில் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போய் எடைபோட்டார். கூடியிருந்தது 13.5 கிராம். அதை 0.09-ஆல் வகுத்து, தெளிப்பு 0.15 மட்டுமே என்று எழுதி, மறுநாள் அளவை 0.40-க்கு மேல் உயர்த்தச் சொல்லிவிட்டார். மறுநாள் காலை வண்டியின் ஓட்டுநர்தான் என்னிடம் வந்தார். “சார், இவ்வளவு விட்டா சரிவுல ஓடிப்போயிடும், ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க” என்றார். அவர் தயங்கியது சரிதான். தட்டில் குறைந்திருந்தது தெளிப்பு அல்ல, வெயிலில் போன தண்ணீர். 22.5 கிராமில் 60 விழுக்காடு சரியாக 13.5 கிராம். உடனே எடைபோட்டால் தெளித்த அளவு தெரியும், முழுதும் காய்ந்த பின் எடைபோட்டால் மிஞ்சிய தார் தெரியும். இரண்டுக்கும் நடுவே எடைபோட்ட எண்ணுக்குப் பொருளே இல்லை. அதனால் பேட்டரியில் இயங்கும் தராசைச் சாலையோரத்திலேயே, காற்று படாமல் ஓர் அட்டைப் பெட்டிக்குள் வைத்து, தட்டை எடுத்த கையோடு நிறுப்பது எங்கள் வழக்கமாயிற்று.

அளவு மிகுந்தால் என்ன குறை என்று சிலர் கேட்பதுண்டு. ஒட்டுவதற்கு வேண்டிய மெல்லிய படலத்துக்கு மேல் தார் சேரும்போது, வெயில் காலத்தில் அது இரண்டு அடுக்குகளுக்கு நடுவே வழுக்கும் படலமாகிவிடுகிறது. மேலே போடுவது மெல்லிய அடுக்காக இருந்தால் அந்த மிகைத் தார் மேலேறிச் சாலையின் முகத்தில் கறுத்துப் பளபளக்கும். பேருந்து நிறுத்தங்களிலும் வளைவுகளிலும், வண்டிகள் பிரேக் பிடிக்கும் இடங்களில், பிறை வடிவில் வெடிப்புகள் வந்தால் அடுக்கு வழுக்கியிருக்கிறது என்று பொருள். குறைவாகத் தெளித்தாலும் அதே பிறை, மிகுதியாகத் தெளித்தாலும் அதே பிறை. எது காரணம் என்பதைச் சாலையிலிருந்து உருளை வடிவில் கோர் வெட்டி எடுத்துத்தான் சொல்ல முடியும். உருளை இரண்டு துண்டாக வந்து, மேல்துண்டின் அடியில் தூசி ஒட்டியிருந்தால், கூட்டாத தளத்தின் மீது தெளித்திருக்கிறார்கள். டேக் கோட் தூசியோடு ஒட்டிக்கொண்டதே தவிரச் சாலையோடு ஒட்டவில்லை.

அதே பணியில் நடந்த இன்னொன்றை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் சராசரி என்ற எண் எப்படி ஏமாற்றும் என்பதை நான் அங்கேதான் நன்றாக உணர்ந்தேன். சாலையின் அகலம் 7 மீட்டர். பாதி அகலமான 3.5 மீட்டரில், 500 மீட்டர் நீளத்துக்கு டேக் கோட் தெளித்தார்கள். பரப்பு 1,750 சதுர மீட்டர். தெளிப்புக்கு முன்னும் பின்னும் அளவுகோலைத் தொட்டியில் விட்டுப் பார்த்ததில் 440 லிட்டர் செலவாகியிருந்தது. வகுத்தால் 0.25. அளவுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திடப் போதுமான எண். ஆனால் குறுக்குவாட்டில் வைத்த மூன்று தட்டுகள் வேறு கதையைச் சொன்னன. நடுக்கோட்டுப் பக்கம் 25 கிராம், நடுவில் 24 கிராம், மண்தோளை ஒட்டிய ஓரத்தில் 13 கிராம். உடனடியாக நிறுத்த எடைகள் என்பதால் தண்ணீர் போயிற்று என்று சொல்ல வழியில்லை. ஓரத்தில் விழுந்தது 0.14 மட்டுமே. குனிந்து பார்த்தபோது தெளிப்புக் குழாயின் கடைசி முனைகள் இரண்டில் முந்தைய நாள் எமல்ஷன் காய்ந்து அடைத்திருந்தது. அங்கே போகாத திரவம் மற்ற முனைகள் வழியே சற்று மிகுதியாகப் போயிருக்கிறது. அதனால்தான் தொட்டிக் கணக்கு சரியாக நின்றது.

அந்த ஓரப்பட்டையின் அகலம் சுமார் 60 செ.மீ., பரப்பு 300 சதுர மீட்டர், குறை சதுர மீட்டருக்கு 0.11 லிட்டர். மொத்தம் 33 லிட்டர். கலவையைப் பரப்பும் பேவர் இயந்திரத்தை நிறுத்திவைத்து, கைத்தெளிப்பானால் அந்தப் பட்டைக்கு மட்டும் மீண்டும் அடித்தோம், முனைகளை டீசலில் ஊறவைத்துக் கழுவினோம். ஒரு பீப்பாயில் ஆறில் ஒரு பங்குதான். ஆனால் மழைநீர் தோளிலிருந்து உள்ளே நுழைவதும், சாலையின் விளிம்பு முதலில் பெயர்வதும் அந்த 60 செ.மீ. பட்டையில்தான்.

பிரைம் கோட்டில் அளவைத் தீர்மானிப்பது தளமே. 0.7-க்கும் 1.0-க்கும் இடையே எந்த எண் என்பதை அலுவலகத்தில் முடிவுசெய்வது எனக்கு ஒப்பாது. தளத்தில் மூன்று சிறு பகுதிகளை அடையாளமிட்டு, லேசாகத் தண்ணீர் தெளித்து, 0.70, 0.85, 1.0 என்று மூன்று அளவுகளில் அடித்துப் பார்க்கலாம். மறுநாள் உளியால் கிளறினால் கறுப்பு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று தெரியும். 8 முதல் 10 மில்லிமீட்டர் வரை இறங்கி, மேலே குட்டை தேங்காமல் இருக்கும் அளவே அந்தத் தளத்துக்கு உரியது. துகள் மிகுந்து இறுகிய தளம் குறைவாகவே குடிக்கும். அங்கே 1.0 அடித்தால் மிச்சம் தேங்கும், அதை மணலோ கிரஷர் தூசியோ தூவி உறிஞ்சிவிட வேண்டும். பிரைம் அடித்த தளத்துக்குக் குறைந்தது 24 மணி நேரம் தர வேண்டும், அதுவரை வண்டிகளை விடக் கூடாது.

டேக் கோட்டுக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை என்றாலும், பழுப்பு முழுதும் கறுப்பாகும் வரை பொறுத்தாக வேண்டும். அதற்குள் கலவை ஏற்றிய டிப்பர் பின்னோக்கி வந்தால், சக்கரங்கள் படலத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போகும். பின்னாளில் வாகனங்களின் எடை எந்தச் சக்கரத்தடத்தில் இறங்குமோ, பெரும்பாலும் அதே தடத்தில்தான் அன்றைக்குப் பசை இல்லாமல் போகிறது. டயர் கறுத்துத் தெரிந்தால் வண்டியை நிறுத்திப் பின்னால் நடந்து பாருங்கள், வெளுத்த இரண்டு கோடுகள் தெரியும். அந்தக் கோடுகளுக்கு மீண்டும் தெளிக்காமல் கலவையைக் கொட்ட விடக் கூடாது. அன்றைக்கு மூடக்கூடிய நீளத்துக்கு மட்டும் டேக் கோட் அடிப்பதும் இதே காரணத்துக்காகத்தான். இரவு முழுதும் திறந்து கிடந்தால் தூசி படிந்துவிடும்.

கடைசியாக ஒன்று. தட்டுச் சோதனையால் கண்டுபிடிக்க முடியாத குறை எமல்ஷனில் தண்ணீர் கலப்பது. தட்டில் 22.5 கிராம் சரியாகவே இருக்கும். அதற்கு வேறு சோதனை வேண்டும். தொட்டியிலிருந்து 100 கிராம் எமல்ஷனை ஒரு தகர டப்பாவில் எடுத்து, பொங்காமல் மெல்லிய சூட்டில் தண்ணீர் முழுதும் போகும் வரை காய்ச்சி நிறுத்தால், ஆர்.எஸ்.1-இல் 60 கிராமுக்குக் குறையக் கூடாது. ஆய்வுக்கூடச் சோதனையின் துல்லியம் இதில் இல்லை என்றாலும், பெரிய கலப்படம் தப்பாது. 45 கிராம்தான் மிஞ்சியது என்றால், மூன்று பங்கு எமல்ஷனுக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்திருக்கிறார்கள். 0.25 தெளித்தும் தரையில் நிற்பது 0.11 கிலோ தார். அதை ஈடுகட்ட 0.33 தெளிக்கலாம் என்று வாதிடுவார்கள். நீர்த்த திரவம் பிரியவும் நேரமெடுக்கும், பிரிவதற்குள் சரிவில் ஓரத்துக்கு வழிந்தும் விடும். அந்தத் தொட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, காரணத்தையும் டப்பாவில் மிஞ்சிய எடையையும் அன்றைய தளப்பதிவேட்டில் எழுதிவைப்பதே நான் பின்பற்றும் முறை.