நாலாவது தொட்டி வேண்டுமா?

தெலுக் இந்தான் பக்கம் செம்பனை ஆலை வாசலில் மதியத்துக்கு மேல் நின்று பாருங்கள். குலை ஏற்றிய லோரிகள் வரிசை பிடித்து நிற்கும். வெட்டிய குலை காத்திருக்கக் காத்திருக்க, பழத்தின் எண்ணெயில் கொழுப்பு அமிலம் கூடித் தரம் இறங்கும். அடிபட்ட பழத்தில் அது இன்னும் வேகம். அதனால்தான் 24 மணி நேரத்துக்குள் நீராவித் தொட்டியில் வேகவைக்கப் பார்க்கிறார்கள். "இன்னொரு தொட்டி வாங்கினால் சரியாகிவிடும்" என்று யாருக்கும் தோன்றும்.

வாங்குவதற்கு முன் அதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி, ஆலையின் டிஜிட்டல் இரட்டை. ஆலையைப் போலவே கணினிக்குள் ஓடும் இன்னோர் ஆலை அது. அதைச் சாதாரண சிமுலேஷன் என்று சொல்லிவிட முடியாது. எடை மேடையில் பதிவாகும் லோரி நேரம், தொட்டியின் அழுத்தம், பாய்லரின் நீராவி அளவு எல்லாம் நிஜ ஆலையிலிருந்து அதற்குத் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று தொட்டிகள், ஒவ்வொன்றிலும் 20 டன் குலை. 3 பார் அழுத்தத்தில், ஏற்றி இறக்கும் நேரத்தையும் சேர்த்து 90 நிமிடம். அப்படியானால் மணிக்கு 40 டன் போக வேண்டும். ஆனால் நடப்பது 33 டன்தான். ஏன்? நீராவி வால்வுகளை மூன்று தொட்டிக்கும் ஒரே நேரத்தில் திறக்கிறார்கள். அழுத்தமானியின் முள் 3-இலிருந்து 2.3-க்கு விழுகிறது. சூடு குறைவதால் 90 நிமிட வேலை 110 நிமிடம் இழுக்கிறது.

இப்போது இரட்டையில் நாலாவது தொட்டியைச் சேர்த்து ஓட்டுவோம். பாய்லர் அதே பாய்லர்தான். நாலும் ஒன்றாகத் திறந்தால் நேரம் 150 நிமிடம் ஆகிறது என்று வையுங்கள். மணிக்கு 32 டன், அதாவது இருந்ததைவிடக் குறைவு! அப்புறம், பழைய மூன்று தொட்டிகளையே 30 நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கலாம். முள் விழவில்லை, 40 டன் கிடைக்கிறது. 400 டன் வரும் நாளில் 12 மணி நேர வேலை 10 மணி நேரத்தில் முடிகிறது. பிழியும் மெஷினும் மணிக்கு 40 டன்தான் தாங்கும் என்றால், அதற்கு மேல் வேகவைத்தும் பயனில்லை. லட்சக்கணக்கான ரிங்கிட் செலவை ஒரு நேர அட்டவணை மிச்சப்படுத்திவிடும் என்பதுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம்.

ஆனால் இரட்டை சொல்வதை எப்படி நம்புவது? நேற்றைய லோரி நேரங்களை மட்டும் அதற்குக் கொடுத்து, வேலை எத்தனை மணிக்கு முடிந்திருக்கும் என்று கேட்க வேண்டும். நேற்று நிஜமாகவே முடிந்த நேரத்தோடு பொருந்தாவிட்டால், நாளையைப் பற்றி அதனிடம் கேட்பதில் அர்த்தமில்லை. பொருந்திய இரட்டையும் மெல்ல விலகும். மழைக்காலத்தில் பாய்லரில் எரிக்கும் நார் ஈரமாகி நீராவி குறையும். தொட்டிக் கதவின் ரப்பர் வளையம் தேய்ந்து ஆவி கசியும். அளவுகள் வந்துகொண்டிருந்தாலும் அவை மாறிய காரணம் இரட்டைக்குத் தெரியாது, அது புது வளையம் இருப்பதாகவே கணக்குப் போடும்.

விலகல் எங்கே இருக்கிறது என்று பார்த்தாலே காரணமும் பாதி தெரிந்துவிடும். மூன்று தொட்டிகளும் சேர்ந்து பிந்தினால் பாய்லர் பக்கம் போக வேண்டும். இரண்டாம் தொட்டி மட்டும் பத்து நாளாகப் பத்து நிமிடம் பிந்துகிறது என்றால், அது ஆறிய பிறகு கதவைத் திறந்து வளையத்தைப் பார்க்க வேண்டும்.