இன்னும் எத்தனை வகுப்பு? 75 சதவீதத்தின் கணக்கு

செமஸ்டர் பாதியைத் தாண்டியதும் துறை அலுவலகத்துக்கு வெளியே அட்டென்டன்ஸ் பட்டியல் ஒட்டப்படுகிறது. ஒரு மாணவரின் பெயருக்கு நேரே, ஒரு பாடத்தில் இதுவரை நடந்த பீரியடுகள் 42, அவர் வந்தவை 27 என்று இருக்கிறது. சதவீதம் 64.29. தேர்வெழுதத் தேவையான எழுபத்தைந்தைத் தொட அவர் இன்னும் எத்தனை பீரியடு உட்கார வேண்டும்?

பலரும் முதலில் போடும் கணக்கு இது: 42-இல் முக்கால் பங்கு 31.5, அதை 32 என்று வைத்துக்கொள்வோம். கையில் 27 இருக்கிறது, ஆக இன்னும் ஐந்து போதும். அந்த ஐந்துக்கும் தவறாமல் போய் வந்த பிறகு பட்டியலைப் பார்த்தால் 68.1 என்றுதான் இருக்கும். காரணம் எளிது. அந்த ஐந்து வகுப்புகளும் வந்தவற்றில் மட்டும் சேரவில்லை, நடந்தவற்றிலும் சேர்ந்துவிட்டன. இப்போது கணக்கு 27 + 5, அதன் கீழே 42 + 5. இலக்கு நின்ற இடத்தில் நிற்பதில்லை; நாம் ஒரு வகுப்புக்குப் போகும்போது அதுவும் முக்கால் வகுப்பு முன்னே நகர்கிறது. நிகரமாக ஒரு வகுப்புக்குக் கிடைக்கும் லாபம் கால் பங்குதான்.

இந்தக் கால் பங்கை வைத்தே சரியான விடைக்குப் போய்விடலாம். இன்றைய குறை 31.5 − 27 = 4.5. ஒவ்வொரு வருகையும் இதில் கால் பங்கை அடைக்கிறது என்றால் 4.5-ஐ நாலால் பெருக்க வேண்டும்: 18. சரிபார்த்தால் 27 + 18 = 45, 42 + 18 = 60; அறுபதுக்கு நாற்பத்தைந்து, மிகச் சரியாக 75. இதையே பின்னமில்லாமல் எழுதினால் சூத்திரம் இப்படி வரும்:

தேவை = 3 × நடந்தவை − 4 × வந்தவை

3 × 42 = 126, 4 × 27 = 108, வித்தியாசம் 18. விடை எப்போதும் முழு எண்ணாகவே வரும் என்பதால், மேலே தள்ளுவதா கீழே தள்ளுவதா என்ற குழப்பம் இல்லை. விடை பூஜ்யமோ அதற்குக் கீழோ என்றால் ஏற்கெனவே 75 இருக்கிறது. 80 சதவீதம் கேட்கும் இடத்தில் 4 × நடந்தவை − 5 × வந்தவை என்று மாற்றிக்கொண்டால் போதும்.

சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட அதற்குள் இருக்கும் பேரேட்டைப் புரிந்துகொள்வது நல்லது. 75 சதவீதம் என்றால் வராத ஒவ்வொரு வகுப்புக்கும் வந்த வகுப்புகள் மூன்று இருக்க வேண்டும். ஆக, வந்தால் ஒரு ரூபாய் வரவு, வராவிட்டால் மூன்று ரூபாய் செலவு என்று எழுதிக்கொள்ளலாம். இருப்பு பூஜ்யத்தில் இருந்தால் 75, மேலே இருந்தால் பாதுகாப்பு, கீழே இருந்தால் கடன். மேற்சொன்ன மாணவருக்கு வரவு 27, வராதவை 15 என்பதால் செலவு 45, இருப்பு −18. கடன் பதினெட்டு, அடைக்க வேண்டிய வகுப்புகளும் பதினெட்டு. சதவீதத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பவருக்கு இந்தத் தெளிவு கிடைக்காது; ஏனெனில் சதவீதம் சீராக ஏறுவதில்லை. அவர் முதல் வகுப்புக்குப் போனதும் 0.83 ஏறும், பதினெட்டாவது வகுப்பில் 0.42 மட்டுமே ஏறும். பேரேட்டிலோ ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு ரூபாய்தான்.

இருப்பு மேலே இருப்பவர் அதை மூன்றால் வகுத்து, மிச்சத்தை விட்டுவிட்டால், தொடர்ந்து எத்தனை வகுப்பு விடலாம் என்பது கிடைக்கும். 42-க்கு 35 வந்தவருக்கு 35 − 21 = 14. மூன்றால் வகுத்தால் நாலு. நாலு வகுப்பு விட்டால் 46-க்கு 35, அதாவது 76.09, ஐந்தாவதையும் விட்டால் 74.47.

இதுவரை எந்த செயலியிலும் கிடைக்கும் கணக்குதான். ஆபத்து அடுத்த கேள்வியில் இருக்கிறது. நம் மாணவருக்கு செமஸ்டர் முடிய இன்னும் 24 பீரியடு மீதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். தேவை 18, மீதி 24, ஆகவே ஆறு பீரியடு விடலாம் என்றுதான் மனம் கணக்குப் போடும். உண்மையில் அவர் விடக்கூடியது ஒன்றே ஒன்று.

ஏன்? 18 என்பது ஒன்றுகூட விடாமல் தொடர்ந்து வந்தால் வரும் விடை. இடையில் ஒன்றை விட்டால் மூன்று ரூபாய் செலவாவதோடு, அன்று வந்திருந்தால் கிடைத்திருக்கும் ஒரு ரூபாயும் போகிறது. மொத்த இழப்பு நாலு. 24-க்கும் வந்தால் கடன் போக மிஞ்சுவது ஆறு ரூபாய். அதில் நாலு ரூபாய் விடுப்பு ஒன்றுதான் எடுக்க முடியும். 23 வந்து ஒன்றை விட்டால் 66-க்கு 50, 75.76. இரண்டை விட்டால் 66-க்கு 49, 74.24, கதை முடிந்தது.

இதை நேரடியாகவே பார்க்கலாம். முழு செமஸ்டரின் பீரியடுகளை நாலால் வகுத்து மிச்சத்தை விட்டுவிட்டால், அதுதான் ஒருவர் விடக்கூடிய மொத்தம். 66-ஐ நாலால் வகுத்தால் 16. ஏற்கெனவே விட்டவை 15. மீதி ஒன்று. எந்த வாரத்தில் விட்டோம், எப்போது சதவீதம் கீழே இறங்கியது என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. நடுவில் 64-க்கு இறங்கினாலும் கடைசி நாளில் எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும். அதேபோல, இன்று 80 காட்டுகிறது என்பதும் கடைசி வாரத்துக்கு உத்தரவாதம் இல்லை.

இதில் உறுதியில்லாத எண் ஒன்று உண்டு: மீதி 24 என்பது. மழை விடுமுறை, இன்டர்னல் தேர்வு, ஆசிரியர் விடுப்பு என்று வகுப்புகள் குறையும். வகுப்பு ரத்தானால் மாணவருக்கு மகிழ்ச்சி; ஆனால் கடன் வைத்திருப்பவருக்கு அது அடைக்கும் தவணை ஒன்று பறிபோனதற்குச் சமம். 24 என்பது 21 ஆனால் விடக்கூடிய அந்த ஒன்றும் காணாமல் போகும். 18 ஆனால் ஒன்று விடாமல் வர வேண்டும். 17 ஆனால் அத்தனையும் வந்தாலும் 59-க்கு 44, அதாவது 74.58. ஆகவே கால அட்டவணையில் எண்ணிய மீதியை அப்படியே நம்பாமல், இரண்டு மூன்றைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுவதே புத்திசாலித்தனம். ஈடுசெய்யும் வகுப்பு வைத்தால் அது எதிர்பாராத வரவு.

எண்ணும் அலகையும் கவனிக்க வேண்டும். பல கல்லூரிகளில் அட்டென்டன்ஸ் நாள் கணக்கில்லை, பீரியடு கணக்கு. நாலு பீரியடு நீளும் லேப் ஒன்றை விட்டால் பட்டியலில் விழுவது ஒன்றல்ல, நாலு. அதை ஈடுகட்டப் பன்னிரண்டு பீரியடு வர வேண்டும். அந்த லேப் வாரத்துக்கு ஒருமுறைதான், அதற்கு வருகையும் தனியாகப் பார்க்கப்படுகிறது என்றால், ஒரு மதியத் தூக்கத்தின் விலை தொடர்ந்து மூன்று வார லேப்.

பாடவாரியாகப் பார்க்காமல் எல்லாப் பாடங்களையும் கூட்டிப் பார்க்கும் இடங்களில் வேறொரு தவறு நடக்கும்: சதவீதங்களின் சராசரி. ஒரு தியரி பாடத்தில் 60-க்கு 36, அதாவது 60 சதவீதம். ஒரு லேபில் 30-க்கு 27, அதாவது 90 சதவீதம். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 75 என்று அழகாக வரும். ஆனால் உண்மையில் 90-க்கு 63, வெறும் 70. சதவீதங்களைக் கூட்டக் கூடாது; பீரியடுகளைக் கூட்டி, பிறகே வகுக்க வேண்டும்.

அண்ணா பல்கலைக்கழகம் இணைவு பெற்ற கல்லூரிகளுக்கு வகுத்த 2017 விதிமுறை இந்த மொத்தக் கணக்கைத்தான் கேட்டது. அதிலேயே, நெருங்கிய முழு எண்ணுக்கு மாற்றிய பிறகு 75-க்குக் குறையக் கூடாது என்றும் இருந்தது. ஒருவரின் மொத்தம் 74.5-ஐத் தொட்டால் அது 75 ஆகிவிடும் என்பதே இதன் பொருள். 65 முதல் 74 வரை உள்ளவர்கள் மருத்துவக் காரணத்துக்கோ விளையாட்டில் பங்கேற்றதற்கோ சான்றிதழ் கொடுத்துத் தேர்வெழுத அனுமதி கேட்க முடிந்தது; 65-க்குக் கீழே போனால் அந்த செமஸ்டரை அடுத்த கல்வியாண்டில் மறுபடி படிக்க வேண்டியிருந்தது. எல்லாக் கல்லூரியிலும் இந்த அரைப் புள்ளிச் சலுகை இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. தன்னாட்சிக் கல்லூரிகள் தங்களுக்கென விதி வைத்திருக்கும்.

விரிதாளில் போட்டு வைக்க விரும்புவோர் A2-இல் நடந்தவை, B2-இல் வந்தவை, C2-இல் மீதி என்று வைத்து இந்த இரண்டு வரிகளை எழுதலாம்:

```
=MAX(0, 3*A2-4*B2)
=INT((A2+C2)/4)-(A2-B2)
```

முதல் வரி, தொடர்ந்து வர வேண்டியவை. இரண்டாவது, கடைசிவரை விடக்கூடியவை. நம் மாணவருக்கு 18, 1 என்று வரும். இரண்டாவது எதிர்மறையாக வந்தால் இனி எத்தனை வகுப்பு உட்கார்ந்தாலும் 75 எட்டாது. அப்போது வகுப்பாசிரியரைப் பார்க்க வேண்டிய நேரம், அதுவும் கடைசி வாரத்துக்கு முன்பே.

அப்படிப் பார்க்கும்போது கேட்டுத் தெளிவுபெற வேண்டியது ஓடி. சிம்போசியம், விளையாட்டு, என்எஸ்எஸ் என்று போனதற்குக் கிடைக்கும் அந்த ஆன் டியூட்டியை இரண்டு விதமாகக் கணக்கில் சேர்க்கலாம். 60 பீரியடில் 40-க்கு நேரில் வந்து, 6-க்கு ஓடி வாங்கியவரை எடுத்துக்கொள்வோம். ஓடியை வருகையாகவே எண்ணினால் 60-க்கு 46, அதாவது 76.67, தப்பித்தார். அந்த ஆறையும் நடந்தவற்றிலிருந்து கழித்துவிட்டால் 54-க்கு 40, அதாவது 74.07, மாட்டினார். பேரேட்டு மொழியில் சொன்னால், முதல் முறையில் ஓடிக்கு ஒரு ரூபாய் வரவு, இரண்டாவதில் வரவும் இல்லை, செலவும் இல்லை. ஓடி படிவம் கையெழுத்தாகி அலுவலகத்தில் பதிவாகாதவரை பட்டியலில் அது வெறும் ஆப்சென்ட்தான். அதாவது ஒவ்வொன்றுக்கும் மூன்று ரூபாய் செலவு. ஆறு பீரியடு ஓடி பதிவாகாமல் கிடந்தால் இவருடைய சதவீதம் 66.67 என்று காட்டும், தேவை 20 என்று வரும். பட்டியலில் எண்ணைப் பார்த்துப் பதறுவதற்கு முன், வராதவை என்று எழுதியிருக்கும் தேதிகளை ஓடி படிவத்தின் நகலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது நல்லது.