ஒன்றாகவே நகர்ந்த இரண்டு வால்வுகள்: ரிட்ஜ் அபராதம் கெழுக்களை எப்படி நிலைப்படுத்துகிறது?

ஒரு தொட்டிக்கு இரண்டு குழாய்களில் தண்ணீர் வருகிறது. ஒவ்வொன்றிலும் ஒரு வால்வு இருக்கிறது. ஒவ்வொரு வால்வையும் ஒரு சுற்று திறந்தால் வரத்து நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் கூடும் என்று அறிய விரும்புகிறோம். உண்மையில் இரண்டு வால்வுகளுக்கும் விடை சரியாக 1 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம்; ஆனால் அது நமக்குத் தெரியாது. நம்மிடம் இருப்பவை நான்கு அளவீடுகள் மட்டுமே. அவற்றை எடுத்தவர் இரண்டு வால்வுகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் திருகியிருக்கிறார். வழக்கமான நிலையிலிருந்து முதல் வால்வின் விலகல் −2.95, −1.05, 0.95, 3.05 சுற்றுகள், இரண்டாம் வால்வின் விலகல் −3.05, −0.95, 1.05, 2.95 சுற்றுகள். வரத்தில் பதிவான மாற்றம் −5.8, −2.3, 2.1, 6.1 லிட்டர். அளவியில் பிழை இல்லையென்றால் இவை −6, −2, 2, 6 என்று இருந்திருக்கும். ஆகவே எந்த அளவீட்டிலும் பிழை 0.3 லிட்டரைத் தாண்டவில்லை.

இந்தத் தரவுக்கு மீச்சிறு வர்க்க முறையை நேரடியாகப் பொருத்தினால், முதல் வால்வின் கெழு 2.25 என்றும் இரண்டாவதன் கெழு −0.25 என்றும் வருகிறது. இரண்டாம் வால்வைத் திறந்தால் தண்ணீர் குறையும் என்பது இதன் பொருள். அது நடக்க முடியாதது. அதே நான்கு பிழைகள் எதிர்க்குறியுடன் நேர்ந்திருந்தால் கெழுக்கள் −0.25, 2.25 என்று இடம் மாறியிருக்கும். கணக்கில் தவறு எதுவும் இல்லை. பதிவான மாற்றத்துக்கும் கெழுக்கள் கணிக்கும் மாற்றத்துக்கும் உள்ள வேறுபாடுகளே எச்சங்கள்; அவற்றின் வர்க்கக் கூட்டுத்தொகையை மீச்சிறிதாக்கும் கெழுக்கள் இவைதான். அப்படியானால் குறை எங்கே இருக்கிறது?

அதைக் காண, இரண்டு கெழுக்களையும் தனித்தனியே பார்ப்பதை விட்டு அவற்றின் கூட்டலையும் வித்தியாசத்தையும் பார்க்க வேண்டும். கூட்டலைத் தீர்மானிப்பது இரண்டு வால்வுகளின் சராசரி நகர்வு. அது −3, −1, 1, 3 என்று விரிந்து கிடக்கிறது. அதன் வர்க்கக் கூட்டுத்தொகை 20. வித்தியாசத்தைத் தீர்மானிப்பது இரண்டின் நகர்வுகளுக்கு இடையிலான வேறுபாட்டின் பாதி. அது 0.05, −0.05, −0.05, 0.05 மட்டுமே, அதன் வர்க்கக் கூட்டுத்தொகை 0.01. இந்த இரண்டு நகர்வுகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைவதால், கூட்டலையும் வித்தியாசத்தையும் தனித்தனியே கணக்கிடலாம்:

```
b1 + b2 = 40.1 / 20    = 2.005
b1 − b2 = 0.025 / 0.01 = 2.5
```

கூட்டல் உண்மையான 2-க்கு மிக அருகில் இருக்கிறது. வித்தியாசமோ 0 என்று வந்திருக்க வேண்டியது, 2.5 என்று வந்திருக்கிறது. கடைசி வரியின் தொகுதியில் உள்ள 0.025 முழுவதும் அளவுப் பிழையின் எச்சம்தான். ஆனால் அதை 0.01 என்ற மிகச் சிறிய எண்ணால் வகுக்கும்போது அது நூறு மடங்காகப் பெருகுகிறது. அளவியின் திட்ட விலக்கம் 0.2 லிட்டர் என்றால், கூட்டலில் எதிர்பார்க்க வேண்டிய தடுமாற்றம் ஏறத்தாழ 0.045, வித்தியாசத்தில் அதுவே 2. ஒரே தரவு ஒரு கேள்விக்கு மிகத் துல்லியமாகவும் இன்னொரு கேள்விக்கு ஏறக்குறைய எதுவுமே சொல்லாமலும் இருக்கிறது. மீச்சிறு வர்க்க முறைக்கு இந்த வேறுபாடு தெரியாது. இரண்டு கேள்விகளுக்கும் ஒரே உறுதியுடன் விடை எழுதிவிடுகிறது. 20-க்கும் 0.01-க்கும் உள்ள விகிதமான 2000 தான் இந்தச் சமன்பாடுகளின் நிலை எண். அது பெரிதாக இருக்கும் கணக்கையே நிலை மோசமான கணக்கு என்கிறோம்.

1970-இல் ஹோர்ல், கென்னார்ட் என்ற இரு புள்ளியியலாளர்கள் இதற்கு முன்வைத்த தீர்வுதான் ரிட்ஜ் முறை. இயற்பியலின் தலைகீழ்க் கணக்குகளுக்காக டிகோனோவ் என்ற ரஷ்யக் கணிதவியலாளர் இதே கருத்தை அதற்கு முன்பே வளர்த்திருந்தார். எச்சங்களின் வர்க்கக் கூட்டுத்தொகையை மட்டும் மீச்சிறிதாக்காமல், அதனுடன் கெழுக்களின் வர்க்கக் கூட்டுத்தொகையை λ என்ற மிகை எண்ணால் பெருக்கிச் சேர்த்து, அந்த மொத்தத்தை மீச்சிறிதாக்க வேண்டும். பெரிய கெழுக்களுக்கு விதிக்கப்படும் அபராதம் என்று இதைச் சொல்லலாம். நம் கணக்கில் அதன் விளைவு மிக எளிமையாக வெளிப்படுகிறது: இரண்டு பகுதிகளிலும் λ-வின் பாதி சேர்கிறது.

```
b1 + b2 = 40.1  / (20   + λ/2)
b1 − b2 = 0.025 / (0.01 + λ/2)
```

λ = 0.5 என்று வைத்தால், முதல் பகுதி 20-இலிருந்து 20.25 ஆகிறது, கூட்டல் 2.005-இலிருந்து 1.98-க்கு மட்டுமே இறங்குகிறது. இரண்டாம் பகுதி 0.01-இலிருந்து 0.26 ஆகிறது, வித்தியாசம் 2.5-இலிருந்து 0.096-க்குச் சரிகிறது. கெழுக்கள் 1.04, 0.94 என்று வருகின்றன. பிழைகளின் குறியைத் திருப்பினாலும் இப்போது அவை ஏறக்குறைய இடம் மாறுமே தவிர, 1-ஐ விட்டு விலகி ஓடுவதில்லை. அபராதம் எல்லாக் கெழுக்களையும் ஒரே விகிதத்தில் சுருக்குகிறது என்று பலர் நினைப்பது சரியல்ல என்பது இதிலிருந்து தெரியும். தரவு வலுவாகப் பேசும் திசையை அது ஏறக்குறைய தொடுவதில்லை. தரவு மௌனமாக இருக்கும் திசையை மட்டுமே அது அடக்குகிறது. பத்து மாறிகள் இருந்தாலும், நூறு இருந்தாலும் இதுவே நடக்கிறது. அங்கே கூட்டல், வித்தியாசம் என்பவற்றின் இடத்தை அணியின் ஐகன் திசைகள் எடுத்துக்கொள்கின்றன.

கணினியில் இதைச் செய்யும்போது, வால்வுகளின் விலகல்களைக் கொண்ட அணியான X-ஐ அதன் இடமாற்று அணியுடன் பெருக்கிச் சமன்பாடுகளை உருவாக்குவதைத் தவிர்ப்பது நல்லது. X அணியின் சொந்த நிலை எண் சுமார் 45 தான். அந்தப் பெருக்கல்தான் அதை வர்க்கமாக்கி 2000-க்குக் கொண்டுபோகிறது. அதற்குப் பதிலாக, தரவுக்குக் கீழே சில பொய்யான அளவீடுகளை ஒட்டிவிட்டு வழக்கமான முறையிலேயே தீர்க்கலாம்:

```python
A = np.vstack([X, np.sqrt(lam) * np.eye(2)])
c = np.concatenate([y, np.zeros(2)])
b = np.linalg.lstsq(A, c, rcond=None)[0]
```

ஒட்டப்பட்ட வரிகள் ஒவ்வொன்றும் ‘இந்தக் கெழு 0’ என்று சொல்லும் கற்பனையான அளவீடு. λ எவ்வளவு பெரிதோ, அதன் குரல் அவ்வளவு உரத்தது. மாறிகளின் அலகுகள் வெவ்வேறானவை என்றால், முதலில் அவற்றை ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இல்லையேல் சுற்றுகளில் அளந்ததைப் பாகைக்கு மாற்றினாலே விடை மாறிவிடும். மாறிலி உறுப்பு இருந்தால் அதற்கு அபராதம் விதிக்கக் கூடாது.

இனி கடினமான கேள்வி: λ எவ்வளவு? வழக்கமான விடை குறுக்குச் சரிபார்ப்பு. ஒவ்வொரு அளவீட்டையும் முறையே விலக்கிவைத்து, மற்றவற்றைக் கொண்டு அதைக் கணித்து, கணிப்புப் பிழைகளின் வர்க்கங்களைக் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டுத்தொகை மீச்சிறிதாக இருக்கும் λ-வை எடுத்துக்கொள்ள வேண்டும். λ-வின் மதிப்புகளைச் சம இடைவெளியில் எடுக்காமல், ஒவ்வொரு படியிலும் சில மடங்கு பெருக்கிக்கொண்டே போவது இதற்கு ஏற்றது. நம் தரவில் இந்தக் கூட்டுத்தொகை λ = 0 என்னும்போது 0.266, 0.01-இல் 0.241, 0.1-இல் 0.260, 0.5-இல் 0.272, 5-இல் 2.56. மீச்சிறு மதிப்பு 0.01-ஐ ஒட்டி இருக்கிறது என்று சொல்லி நிறுத்திக்கொண்டால், கிடைக்கும் கெழுக்கள் 1.84, 0.17. குறி சரியாகிவிட்டது, மதிப்புகள் சரியாகவில்லை.

நான் இங்கே முக்கியமாகக் கருதுவது அந்த மீச்சிறு புள்ளியை அல்ல, வளைகோட்டின் வடிவத்தை. 0-இலிருந்து 0.5 வரை அது ஏறக்குறைய தட்டையாகக் கிடக்கிறது. அதற்கு அப்பால்தான் செங்குத்தாக ஏறுகிறது. காரணம் எளிது: குறுக்குச் சரிபார்ப்பு அளப்பது வரத்தைக் கணிப்பதில் உள்ள பிழையை, கெழுக்களில் உள்ள பிழையை அல்ல. வால்வுகள் ஒன்றாகவே நகரும்வரை, வித்தியாசம் 2.5 ஆனாலும் 0.1 ஆனாலும் கணிப்பு பெரிதாக மாறுவதில்லை. நான்கே அளவீடுகள் இருக்கும்போது, 0.241-க்கும் 0.272-க்கும் உள்ள வேறுபாட்டைத் தற்செயலே உண்டாக்கிவிடும். ஆகவே வரத்தைக் கணிப்பது மட்டுமே நோக்கம் என்றால் தட்டைப் பகுதியில் எந்த λ-வை எடுத்தாலும் குறையில்லை. கெழுக்களுக்குப் பொருள் சொல்லப் போகிறோம் என்றால் தட்டைப் பகுதியின் வலது ஓரத்தை, அதாவது பிழை ஏறத் தொடங்குமுன் உள்ள பெரிய λ-வை, எடுப்பதே பாதுகாப்பு.

அளவியின் பிழை எவ்வளவு என்பது முன்பே தெரிந்திருந்தால், இதைவிட நேரான வழி ஒன்று இருக்கிறது; மொரோசோவ் என்ற கணிதவியலாளரின் பெயரால் அறியப்படும் கொள்கை அது. திட்ட விலக்கம் 0.2 என்றால், நான்கு அளவீடுகளின் பிழை வர்க்கங்களின் கூட்டுத்தொகை 4 × 0.04, அதாவது 0.16 அளவில் இருக்க வேண்டும். பொருத்தப்பட்ட கோடு தரவை அதைவிட நெருங்கினால், அது பிழையையும் சேர்த்தே கற்றுக்கொண்டிருக்கிறது. λ = 0 என்னும்போது எச்சங்களின் வர்க்கக் கூட்டுத்தொகை 0.087, 0.1-இல் 0.131, 0.5-இல் 0.157, 5-இல் 1.14. நாம் தேடும் 0.16, λ = 0.5-ஐ ஒட்டி வந்துவிடுகிறது. தட்டைப் பகுதியின் வலது ஓரமும் அதுவே.

இந்த வழியின் பலவீனம், அளவியின் பிழையைத் தவறாக மதிப்பிட்டால் λ-வும் தவறாகிவிடும் என்பது. திட்ட விலக்கம் 0.6 என்று நம்பியிருந்தால், இலக்கு 1.44 ஆகி, λ 5-ஐயும் தாண்டியிருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு: தரவு வலுவாகச் சொல்லும் அளவை அபராதம் எவ்வளவு நகர்த்தியது என்று பார்க்க வேண்டும். λ = 0.5 கூட்டலை 0.025 மட்டுமே நகர்த்தியது. அது கூட்டலின் இயல்பான தடுமாற்றமான 0.045-க்குள் அடங்குகிறது. λ = 5 அதை 1.78-க்கு இறக்குகிறது, அந்த நகர்வு தடுமாற்றத்தைப் போல ஐந்து மடங்கு. தரவு தெளிவாகச் சொன்னதை அபராதம் மீறத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

இத்தனைக்குப் பிறகும் 1.04, 0.94 என்ற விடை உண்மையை ஒட்டி வந்ததற்கு ஒரு காரணம், இரண்டு வால்வுகளும் உண்மையிலேயே ஒத்தவையாக இருந்தது. உண்மையான கெழுக்கள் 1.5, 0.5 என்று இருந்து, இதே பிழைகள் நேர்ந்திருந்தால், λ = 0.5 தரும் விடை 1.06, 0.92. நிலையான விடைதான், ஆனால் தவறான விடை. ரிட்ஜ் அபராதம் வித்தியாசத்தை அளக்கவில்லை. அது தெரியாத இடத்தில் 0 என்று எழுதி வைக்கிறது. வித்தியாசம் உண்மையிலேயே தேவை என்றால், ஒரு வால்வை ஒரு சுற்று திறந்து மற்றதை ஒரு சுற்று மூடி, ஐந்தாவதாக ஓர் அளவீட்டை எடுக்க வேண்டும். அந்த ஒரே அளவீடு 0.01-ஐ 1.01 ஆக்குகிறது, வித்தியாசத்தின் தடுமாற்றம் 2-இலிருந்து 0.2-க்கு இறங்குகிறது. அதற்குப் பின் பழைய λ = 0.5-ஐ அப்படியே வைத்திருந்தால், அது இப்போது நம்பத்தக்க வித்தியாசத்தில் ஐந்தில் ஒரு பங்கை வீணாகச் சுருக்கிவிடும். ஆகவே புதிய தரவுக்கு λ-வையும் புதிதாகவே தேர்ந்தெடுக்க வேண்டும்.