செய்தியோடையில் முழுக் கட்டுரையா, துண்டா?

மேலூரிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் போன் செய்தார். "தம்பி, மூணு வாரமா ஒண்ணுமே வரலையே, உடம்பு சரியில்லையா?" அந்த மூன்று வாரத்தில் நான் நான்கு கட்டுரை எழுதியிருந்தேன். மாங்குளம், கீழக்குயில்குடி என்று மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளின் கல்வெட்டுகளைப் பற்றி எழுதுபவன் நான். சந்தாதாரர்களுக்கு அவை செய்தியோடை வழியாகப் போய்ச் சேரும். ஓடைதான் எங்கோ அடைபட்டிருந்தது.

ஓடை என்று சொன்னாலும் யாரும் யாருக்கும் எதையும் அனுப்புவதில்லை. என் சர்வரில் feed.xml என்றொரு கோப்பு இருக்கிறது, அவ்வளவுதான். கடைசிப் பத்துக் கட்டுரைகள் அதில் இருக்கும். வாசகரின் போனில் உள்ள செயலி அவ்வப்போது வந்து, "போன தடவைக்கு அப்புறம் ஏதாவது மாறியிருக்கிறதா?" என்று கேட்கும். மாறவில்லையென்றால் சர்வர் 304 என்ற எண்ணை மட்டும் பதிலாகச் சொல்லும், கோப்பைத் தராது. மாறியிருந்தால் முழுக் கோப்பும் இறங்கும்.

அதற்கு மூன்று வாரம் முன்புதான் நான் ஒரு மாற்றம் செய்திருந்தேன். முழுக் கட்டுரையை நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றிலும் முதல் 200 பைட் மட்டும் போகும்படி வைத்தேன். கோளாறு அங்கேதான்.

ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் வேண்டும். புள்ளியும் கொம்பும்கூடத் தனித்தனிக் குறிகள்தான். "கல்வெட்டு" என்பது நமக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு அது ஒன்பது குறி, 27 பைட். அதை 20 பைட்டில் வெட்டினால் ஆறு குறிகள் முழுசாக வரும், ஏழாவதில் இரண்டு பைட் தொங்கும். அந்த இரண்டு பைட்டுக்கு எந்தப் பொருளும் கிடையாது. பைட் கணக்கை விட்டு, குறிக் கணக்கில் ஆறில் வெட்டினாலும் "கல்வெட" என்றுதான் நிற்கும்.

தொங்கும் பைட் திரையில் ஒரு கறுப்புச் சாய்சதுரமாகத் தெரிந்துவிட்டுப் போனால் பரவாயில்லை. ஓடை எழுதப்படும் எக்ஸ்எம்எல் மொழி அதற்கு இடம் தராது. ஓரிடத்தில் பிழை கண்டால் மேற்கொண்டு படிக்கக் கூடாது என்பது அதன் விதி. பெருந்தன்மையான சில செயலிகள் பிழையைத் தாண்டிப் போய்விடும். ஆசிரியருடையது நின்றுவிட்டது. அதனால்தான் மற்றவர்களிடமிருந்து எனக்குப் புகாரே வரவில்லை. வெட்டுப்பட்ட ஒரே துண்டு கடைசிப் பத்துக்குள் இருக்கும்வரை, மற்ற ஒன்பதும் சேர்ந்து அடைபடும்.

கண்டுபிடிப்பது எளிது. கோப்பை இறக்கி இந்தக் கட்டளையைக் கொடுத்தால், பிழை எந்த வரியில் என்று காட்டிவிடும்:

```
xmllint --noout feed.xml
```

சரி, சொல் இடைவெளி பார்த்து வெட்டினால் போதாதா? எழுத்து உடையாது, உண்மைதான். ஆனால் என் கட்டுரைகள் எப்போதும் மலையேறும் பாதையில் தொடங்கும். முதல் ஐம்பது சொல்லைப் படித்தவருக்கு எந்தக் கல்வெட்டு என்றுகூடத் தெரியாது. சுருக்கம் வேண்டுமென்றால் நாமே இரண்டு வரி எழுதுவதுதான் சரி. சுருக்கத்துக்கும் முழுக் கட்டுரைக்கும் ஓடையில் தனித்தனி இடம் உண்டு:

```xml
<item>
  <title>மாங்குளம்</title>
  <description>நெடுஞ்செழியன் பெயர் வரும் வரி</description>
  <content:encoded><![CDATA[<p>முழுக் கட்டுரை</p>]]></content:encoded>
</item>
```

இதில் content என்ற முன்னொட்டைக் கோப்பின் தலைப்பகுதியில் அறிவிக்க வேண்டும். மறந்தால் மறுபடியும் அடைப்புதான்:

```
xmlns:content="http://purl.org/rss/1.0/modules/content/"
```

முழுக் கட்டுரைக்கே திரும்பினேன். ஆசிரியர் சொன்ன காரணம் எனக்குப் போதுமானதாக இருந்தது. வீட்டு வைஃபையில் எல்லாம் இறங்கிவிடும், சிக்னல் கிடைக்காத மலையில் கல்வெட்டுக்கு நேரே நின்று வரி வரியாக ஒப்பிட்டுப் படிப்பாராம். துண்டை அனுப்பினால் அது நடக்காது.

கோப்பு பெருத்துவிடுமே என்ற பயம் எனக்கும் இருந்தது. ஆயிரம் சொல் தமிழ்க் கட்டுரை ஏறக்குறைய 25 கேபி வரும், பத்து கட்டுரை 250 கேபி. ஆனால் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் E0 என்ற பைட்டில்தான் தொடங்கும், அடுத்தது AE அல்லது AF. இப்படித் திரும்பத் திரும்ப வருவதால் சர்வரில் ஜிஸிப் சுருக்கத்தைப் போட்டதும் கோப்பு நன்றாகச் சுருங்குகிறது. அதோடு, நான் எழுதாத நாளெல்லாம் வெறும் 304தான்.

முழுசாக அனுப்புவதில் மெய்யான சிக்கல் திருத்தம்தான். ஓர் எழுத்தைத் தவறாக வாசித்துவிட்டுப் பிறகு திருத்தினால், சில செயலிகள் புதிய பிரதியை ஏற்கும், சில பழையதையே வைத்துக்கொள்ளும். கட்டுரையின் அடையாளமான guid-ஐ மாற்றினால் திருத்தம் எல்லோருக்கும் போகும். ஆனால் ஏற்கெனவே படித்தது புதிதுபோல இன்னொரு தடவை வந்து நிற்கும். அதனால் அடையாளத்தைத் தொடுவதில்லை. பெரிய திருத்தம் என்றால் "மாங்குளம்: திருத்தம்" என்று தனியாக ஒன்று எழுதிவிடுகிறேன். வாரம் ஒரு முறை சேர்த்துக்கொண்டே போகும் கல்வெட்டுப் பட்டியலுக்கு மட்டும் துண்டு, அதுவும் கையால் எழுதிய இரண்டு வரியும் இணைப்பும்.