“மதிப்பிடுக” என்று கேட்டிருந்தால், படிக்கும்போதே அது தெரிந்திருக்க வேண்டும்

போன வாரம் திருத்திய கட்டில் மட்டும் இதே தவறு பதினேழு தாள்களில் இருந்தது. குரூப் 1 முதன்மைத் தேர்வுக்கான பயிற்சித் தேர்வு அது. கேள்வி இப்படி: “நீதிக்கட்சி ஆட்சியின் சமூக நீதி நடவடிக்கைகளை மதிப்பிடுக.” பதினைந்து மதிப்பெண். ஒரு மாணவி ஒன்பது சாதனைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆண்டு போட்டு, அடிக்கோடும் இட்டிருந்தார். ஐந்து மதிப்பெண் கொடுத்தேன். தாளோடு வந்து நின்றார்.

“எல்லாத்தையும் எழுதியிருக்கேனே சார், ஒன்னு கூட விடலையே.”

அவர் சொன்னது உண்மை, ஒன்றுகூட விடவில்லை. ஆனால் கேள்வி கேட்டதை எழுதவில்லை. எத்தனை மணி நேரம் இந்தத் தலைப்பைப் படித்தாய் என்று கேட்டேன். இரண்டு நாள் என்றார். இரண்டு நாள் உழைப்புக்கு ஐந்து மதிப்பெண் என்பதுதான் என்னை இதை எழுத வைத்தது.

“எல்லாத்தையும் படிச்சிட்டா எந்த வினைச்சொல் வந்தாலும் எழுதிடலாம்” என்ற நம்பிக்கை நம் மாணவர்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. விளக்குக, ஒப்பிடுக, மதிப்பிடுக என்பவையெல்லாம் தேர்வறையில் கவனிக்க வேண்டியவை, வீட்டில் படிப்பதற்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை என்று நினைக்கிறார்கள். எனக்கு எரிச்சல் தருவது இந்த நினைப்புதான், தாளில் இருக்கும் பிழை அதற்கு அடுத்துத்தான். ஒரு தலைப்பை விளக்குவதற்காகப் படித்தவரிடம் இருக்கும் தகவல்கள் வேறு, அதை மதிப்பிடுவதற்காகப் படித்தவரிடம் இருக்கும் தகவல்கள் வேறு. முதலாமவர் தேர்வறையில் எவ்வளவு யோசித்தாலும் இரண்டாவது விடையை எழுத முடியாது. அதற்கு வேண்டிய பொருள் அவர் கையில் இல்லை. கூடுதலாக இருபது பக்கம் படித்திருந்தாலும் நிலை மாறாது, ஏனென்றால் அந்த இருபது பக்கத்தையும் அவர் பட்டியலாகத்தான் படித்திருப்பார்.

நீதிக்கட்சியையே எடுத்துக்கொள்கிறேன்.

“நீதிக்கட்சி தோன்றிய சூழலை விளக்குக” என்று வந்தால், அங்கே வேண்டியது காரணச் சங்கிலி. சென்னை மாகாணத்தில் மக்கள் தொகையில் மிகச் சிறிய பங்கினரான பிராமணர்கள் அரசுப் பணிகளிலும் பல்கலைக்கழகப் பட்டங்களிலும் பெரும்பங்கு வகித்தார்கள். 1912இல் நடேச முதலியார் முன்னின்று நடத்திய திராவிடர் சங்கம், சென்னைக்குப் படிக்க வந்த பிராமணர் அல்லாத மாணவர்களைத் திரட்டியது. 1916இல் அன்னி பெசன்ட் தன்னாட்சி இயக்கத்தைத் தொடங்கியபோது, தன்னாட்சி வந்தால் அதிகாரம் யார் கைக்குப் போகும் என்ற அச்சம் எழுந்தது. அந்த ஆண்டு நவம்பரில் தியாகராய செட்டியாரும் டி.எம். நாயரும், பின்னாளில் நீதிக்கட்சி என்றே அழைக்கப்பட்ட தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைத் தொடங்கினார்கள், டிசம்பரில் பிராமணர் அல்லாதார் அறிக்கை வெளியானது. இந்த நான்கு கண்ணிகளையும் “அதனால்” என்ற சொல்லால் கோக்க முடிந்தால் போதும். ஒரு பக்கக் குறிப்பு, முக்கால் மணி நேரம். அதற்கு மேல் உட்கார்ந்தால் அந்த நேரத்தை வேறு தலைப்பிடமிருந்து பறிக்கிறீர்கள்.

“ஒப்பிடுக” என்றால் ஒரு கட்சியை மட்டும் படித்துப் பயனில்லை. நீதிக்கட்சியைப் பெரும்பாலும் சுயமரியாதை இயக்கத்தோடுதான் ஒப்பிடச் சொல்வார்கள். மாணவர்கள் செய்வது என்ன? முதல் பாதியில் இது, இரண்டாம் பாதியில் அது, கடைசியில் “இவ்வாறு இரண்டும் சமூக நீதிக்காகப் பாடுபட்டன” என்று ஒரு வரி. அது ஒப்பீடே இல்லை, இரண்டு குறிப்புகளை ஒட்டி வைத்தது. ஒப்பிட அச்சு வேண்டும். களம் எது? ஒருவர் சட்டமன்றத்திலும் அரசாணையிலும் நின்றார்கள், மற்றவர் 1925இல் தொடங்கிய ‘குடிஅரசு’ ஏட்டிலும் மேடைகளிலும் சுயமரியாதைத் திருமணங்களிலும் நின்றார்கள். ஆதரவாளர் யார்? ஒரு பக்கம் ஜமீன்தார்கள், வணிகர்கள், படித்தவர்கள். மறுபக்கம் அவர்களைத் தாண்டிய எளிய மக்கள். இலக்கு எது? பதவியில் பங்கு ஒன்றின் இலக்கு, சாதியையும் அதைத் தாங்கும் சடங்குகளையும் அடியோடு எதிர்ப்பது மற்றதன் இலக்கு. இந்த மூன்று அச்சுகளையும் இரு பக்கமும் நிரப்பும் வரை புத்தகத்தை மூடாதீர்கள். ஒரு கட்டம் காலியாக இருந்தால், நீங்கள் இன்னும் படிக்க வேண்டியது அந்தக் கட்டத்துக்கு உரியது மட்டும்தான்.

இப்போது “மதிப்பிடுக”. அந்த மாணவியோடு உட்கார்ந்து அவர் எழுதிய ஒன்பதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். முதல் கேள்வியாக நான் கேட்டது, “எதை வச்சும்மா அளக்கப்போற?” பதில் இல்லை. மதிப்பிடுவதென்றால் முதலில் அளவுகோல் வேண்டும். நீதிக்கட்சிக்கு அந்த அளவுகோலை 1916 அறிக்கையே தருகிறது: பணிகளிலும் அவைகளிலும் எல்லா வகுப்பினருக்கும் உரிய பங்கு. கூடவே இன்னொன்றையும் பார்க்க வேண்டும், அவர்கள் கையில் எவ்வளவு அதிகாரம் இருந்தது என்பதை. இரட்டை ஆட்சியில் கல்வி, உள்ளாட்சி, பொதுச் சுகாதாரம் போன்றவைதான் அமைச்சர்களிடம் இருந்தன. நிதியும் காவலும் ஆளுநரின் நிர்வாகக் குழுவிடம். நிதி கையில் இல்லாத அமைச்சர் பள்ளி திறப்பதற்கு ஓர் எல்லை உண்டு. இதைச் சொல்லாமல் குறை சொல்வதும் தவறு, புகழ்வதும் தவறு.

அடுத்து ஆண்டுகளைப் பார்க்கச் சொன்னேன். நீதிக்கட்சி அமைச்சரவை 1920 டிசம்பரில் பொறுப்பேற்று 1926 வரை நீடித்தது. 1926 முதல் 1930 வரை ஆண்டது சுப்பராயனின் சுயேச்சை அமைச்சரவை. பிறகு 1937 வரை மீண்டும் நீதிக்கட்சி. இந்த மூன்று வரிகளை அவர் பட்டியலின் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகிறது? 1929இல் வந்த பணியாளர் தேர்வாணையமும் அதே ஆண்டு தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் நீதிக்கட்சி அமைச்சரவையின் காலத்தவை அல்ல. 1921இல் பிறப்பித்த வகுப்புவாரி அரசாணையே, சுப்பராயன் அமைச்சரவையில் முத்தையா முதலியார் அமைச்சரான பிறகுதான் உறுதியான ஒதுக்கீடாக நடைமுறைக்கு வந்தது: பன்னிரண்டு இடங்களில் பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு ஐந்து, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு ஒன்று. 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவு, தியாகராய செட்டியார் தலைமையிலான சென்னை மாநகராட்சியின் செயல். மாகாண அமைச்சரவையின் செயல் அல்ல.

இதனால் நீதிக்கட்சிக்குப் பெருமை இல்லை என்று ஆகிவிடாது. தேர்வாணையத்துக்கான அடித்தளம் 1924இல் அவர்கள் அமைத்த பணியாளர் தேர்வு வாரியம்தான். முத்தையா முதலியார் பொறுப்பேற்ற கட்டத்தில் சுப்பராயனுக்கு நீதிக்கட்சியின் ஆதரவும் இருந்தது. ஆனால் “அரசாணை போட்டது யார், நடைமுறைப்படுத்தியது எப்போது” என்ற இடைவெளியைக் காட்டினால்தான் அது மதிப்பீடு. விளக்குவதற்காகப் படித்தவருக்கு இந்த இடைவெளி கண்ணில் படாது, படவும் வேண்டியதில்லை. மதிப்பிடப் படிப்பவர் இதைத் தேடித்தான் போக வேண்டும்.

மறுபக்கச் சான்றும் வேண்டும். 1921இல் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் கலந்துகொள்ளாததால் புளியந்தோப்பில் மோதல் வெடித்தது. அப்போது கட்சித் தலைமை வேலைநிறுத்தம் செய்த சாதி இந்துத் தொழிலாளர் பக்கம் சாய்ந்தது. கசப்பு வளர்ந்து, ஆதிதிராவிடர்களின் தலைவரான எம்.சி. ராஜா 1923இல் கட்சியிலிருந்து விலகினார். “எல்லா வகுப்பினருக்கும் பங்கு” என்ற அளவுகோலில் இது கனமான சான்று. அந்த மாணவியின் இரண்டு நாள் படிப்பில் இந்தப் பெயரே இல்லை.

இங்கே இன்னொரு தவறான எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். மதிப்பிடுக என்றால் பாதி நல்லது பாதி கெட்டது எழுதுவது என்று சிலர் பழகிவைத்திருக்கிறார்கள். நான்கு சாதனை, நான்கு குறை, முடிந்தது என்கிறார்கள். அளவுகோல் இல்லாமல் எழுதிய இரண்டு பட்டியல்கள் இரண்டு பட்டியல்கள்தான். “பிரதிநிதித்துவத்துக்கு வாசலைத் திறந்தது, ஆனால் அந்த வாசல் வழியே முதலில் போனவர்கள் யார் என்பதில் தடுமாறியது” என்பதுபோல ஒரு தீர்ப்பு விடையில் இருக்க வேண்டும். அந்தத் தீர்ப்பு தேர்வறையில் உதிக்காது, படிக்கும்போதே குறிப்பேட்டின் மேல்வரியில் எழுதிவைத்திருக்க வேண்டும்.

சரி, எந்தத் தலைப்புக்கு எந்த வினைச்சொல் வரும் என்று எப்படித் தெரியும்? பாடத்திட்டத்தில் வினைச்சொற்கள் இல்லை, “நீதிக்கட்சி, பகுத்தறிவு வளர்ச்சி” என்று பெயர் மட்டும்தான் இருக்கும். பழைய வினாத்தாள்களை எடுங்கள், தேர்வை நடத்தும் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. தலைப்புவாரியாக வினைச்சொல்லை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். கேள்வி முழுவதும் வேண்டாம். ஒரு மாலைப் பொழுது வேலை இது. முடிந்து போன ஆட்சிகளும் திட்டங்களும் பெரும்பாலும் மதிப்பிடச் சொல்லியே வரும். ஒரு செயல்முறை, ஒரு தோற்றம் என்றால் விளக்கச் சொல்வார்கள். இரட்டையாகப் பேசப்படுபவற்றை ஒப்பிடச் சொல்வார்கள். ஒரே தலைப்பில் மூன்று வினைச்சொல்லும் வந்திருந்தால் ஆழமான மதிப்பீட்டுக்குப் படியுங்கள்; அதிலிருந்து விளக்கத்துக்கு இறங்கி வரலாம், விளக்கத்திலிருந்து மதிப்பீட்டுக்கு ஏற முடியாது.

வினைச்சொல்லை மட்டும் நம்பியும் ஏமாறாதீர்கள். தமிழ் வரியில் “விளக்குக” என்று முடியும், நடுவில் “எந்த அளவிற்கு” என்று ஒளிந்திருக்கும். அது மதிப்பிடச் சொல்லும் கேள்வி. ஆங்கிலத்தில் எக்ஸ்ப்ளெய்ன், டிஸ்கஸ், எலூசிடேட் என்று வெவ்வேறாக இருப்பவை மொழிபெயர்ப்பில் ஒரே “விளக்குக” ஆகிவிடுவதையும் பார்த்திருக்கிறேன். அதனால் தமிழில் எழுதுபவர்களும் வினாத்தாளில் ஆங்கில வரியை ஒருமுறை பாருங்கள். இதை வெட்கமாக நினைக்காதீர்கள், தயவுசெய்து.

அந்த மாணவி மூன்று நாள் கழித்து அதே கேள்விக்கு மறுபடி எழுதிக்கொண்டு வந்தார். ஒன்பது நடவடிக்கைகளில் நான்கை விட்டுவிட்டார். மிச்சம் ஐந்தில் மூன்றை 1916 அறிக்கையோடு அளந்திருந்தார், நான்காவதற்கு எதிராக எம்.சி. ராஜாவை நிறுத்தியிருந்தார். தீர்ப்பு வரி மட்டும் இன்னும் தயங்கித் தயங்கியே நிற்கிறது. பத்து போட்டேன். அடுத்த தலைப்பு ஊராட்சி அமைப்பு. திங்கட்கிழமை வகுப்புக்கு வரும்போது குறிப்பு எதுவும் வேண்டாம், அந்தத் தலைப்பில் இதுவரை வந்த வினைச்சொற்களை ஒரு தாளில் எழுதி வந்தால் போதும் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.