ஏற்காடு பனிக்குள்ள ஒரு காபி கப்பு: ஒட்டு தெரியாம ஸ்டாக் இமேஜ் சேக்குறது எப்படி

போன சீசன்ல ஏற்காட்டுல ஹோம்ஸ்டே வச்சிருக்கற ஒருத்தரு நம்ம சேலம் ஆபீசுக்கு வந்தாருங்க. அவங்க வராண்டாவுல இருந்து அவரு பையன் காலைல எடுத்த போட்டோ ஒண்ணு, முன்னாடி மரக் கைப்பிடி, அதுக்கு அங்கிட்டு பனியில பாதி மறைஞ்ச சில்வர் ஓக் மரங்க, கீழ காபிச் செடி, ரொம்ப அழகான படம். "தம்பி, கைப்பிடி மேல ஒரு காபி கப்பு மட்டும் இருந்தா நல்லாருக்கும், ரிசப்ஷன்ல மூணுக்கு ரெண்டு அடில கேன்வாஸ் பிரிண்ட் போட்டு மாட்டணும்"னாரு. திரும்ப அதே மாதிரி பனி வந்து அதே இடத்துல கப்பு வச்சு எடுக்க முடியாது, அதனால ஸ்டாக் சைட்ல காசு குடுத்து ஒரு வெள்ளைக் கப்பு வாங்கினேன், வெளிச்சம் வர்ற பக்கமும் கேமரா உயரமும் பொருந்தற மாதிரி பாத்துத்தான் எடுத்தேன் (இது ரெண்டும் பொருந்தலன்னா கீழ சொல்ற எதுவும் காப்பாத்தாது), சுத்தமா கட் பண்ணி வச்சு அனுப்பினா அவரு வாட்ஸ்அப்ல ஒரே வரி: "கப்பு ஒட்டின மாதிரி இருக்குங்க தம்பி, அப்புறம் எங்க தோட்டம் இவ்ளோ வெளுத்தா இருக்கும்?"

எனக்குக் கோவந்தான் வந்துச்சு, ஓரம் எல்லாம் ஃபோட்டோஷாப் பென் டூல்ல மணிக்கணக்கா உக்காந்து வெட்டினது. ஆனா தப்பு ஓரத்துல இல்ல. மூணு எடத்துல இருந்துச்சு, அதுவும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருந்துச்சு.

தோட்டம் வெளுத்த கதைய முதல்ல சொல்றேன். பையன் கேமரால கலர் ஸ்பேஸ் அடோபி ஆர்ஜிபில இருந்திருக்கு. ஃபைல் பேரே `_DSC`ன்னு அண்டர்ஸ்கோர்ல ஆரம்பிச்சிருந்துச்சு, அடோபி ஆர்ஜிபில எடுத்தா கேமராவே பேரு முன்னாடி அந்தக் கோட்டப் போடும், நான்தான் கவனிக்கல. என் ஃபோட்டோஷாப்ல `Edit > Color Settings`ல ஆர்ஜிபி பாலிசி `Off`ல கிடந்துச்சு, யாரு எப்ப வச்சாங்களோ. அதனால திறக்கும்போதே, எந்தக் கலர் ஸ்பேஸ்னு சொல்ற புரொஃபைலத் தூக்கிப் போட்டுட்டு, படத்தோட நிற நம்பர எல்லாம் எஸ்ஆர்ஜிபின்னு நெனச்சுக் காட்டிருச்சு. ஒரே நம்பர், ஆனா அடோபி ஆர்ஜிபில அதுக்கு அர்த்தம் இன்னும் அடர்த்தியான பச்சை, எஸ்ஆர்ஜிபில வெளிறின பச்சை. நானோ பனிக்காலம்ல, அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன். கப்பு எஸ்ஆர்ஜிபில வந்தது, அது சரியாவே தெரிஞ்சுச்சு, அதனால அந்த வெளுத்த படத்துல காபியோட பழுப்பு மட்டும் துருத்திக்கிட்டு நின்னுச்சு, அத அமுக்க நான் கைல சாச்சுரேஷன் கொறச்சு வேற வச்சிருந்தேன்.

இப்ப பாலிசிய `Preserve Embedded Profiles`ல வச்சு, புரொஃபைல் மாறினா கேக்கச் சொல்லி டிக்கும் போட்டாச்சு. பிரிண்ட் லேப்ல எஸ்ஆர்ஜிபிதான் வேணும்னாங்க, அதனால தோட்டப் படத்த மறுபடி திறந்து `Edit > Convert to Profile`ல எஸ்ஆர்ஜிபிக்கு மாத்துனேன். பக்கத்துலயே `Assign Profile` இருக்கும், அங்கதான் நெறைய பேரு வழுக்கி விழறாங்க. கன்வர்ட்ங்கறது நம்பர மாத்தி நிறத்தக் காப்பாத்தும், அசைன்ங்கறது நம்பர அப்படியே வச்சு நிறத்த மாத்திரும். படத்துல புரொஃபைலே இல்லாம வந்தா மட்டும் அசைன் தேவைப்படும், அப்பவும் ஒரு காப்பி எடுத்து எஸ்ஆர்ஜிபி, அடோபி ஆர்ஜிபி ரெண்டையும் போட்டுப் பாத்து எதுல இலையும் தோலும் இயல்பா இருக்கோ அத வச்சுக்கணும். இந்த வேலை முடியாம கர்வ்ஸத் தொடவே கூடாது, ஏன்னா பொய்யான நிறத்துக்குப் பொருத்தறதுக்கு உக்காந்துருவீங்க, நான் உக்காந்த மாதிரி.

அடுத்தது கான்ட்ராஸ்ட். ஸ்டுடியோல எடுத்த கப்பு, உள்ள இருக்கற காபி கிட்டத்தட்ட முழுக் கறுப்பு, விளிம்பு முழு வெள்ளை. பனி இருக்கற எடத்துல முழுக் கறுப்புன்னு ஒண்ணு கிடையாது, நமக்கும் பொருளுக்கும் நடுவுல இருக்கற வெள்ளைப் புகை எல்லா இருட்டையும் கொஞ்சம் தூக்கி விட்ரும், எவ்ளோ தூரமோ அவ்ளோ தூக்கும். இத கண்ணால பொருத்தாதீங்க, நம்பர்ல பொருத்துங்க. ஐட்ராப்பர எடுத்து சாம்பிள் சைஸ `11 by 11 Average`ல வைங்க, ஒத்தப் பிக்ஸல்ல வச்சா நாய்ஸ்தான் அளவாகும். இன்ஃபோ பேனலத் திறந்து வச்சு, கைப்பிடிக்கு அடியில இருக்கற நிழல்ல வச்சேன், ரெட் 26, கிரீன் 29, புளூ 35. கப்புக்குள்ள காபி 5, 3, 2. பக்கத்து சன்னல் சட்டத்தோட வெள்ளை பெயிண்ட் 212, 217, 224, கப்பு விளிம்பு 250, 250, 248. எண்ணப் பாத்தாலே தெரியுதுல்ல, அந்தக் காலைல கறுப்புக்கூட நீலம் கலந்ததுதான்.

கப்பு லேயருக்கு மேல ஒரு கர்வ்ஸ் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் போட்டு, ஆல்ட் அமுக்கி நடுக்கோட்டுல கிளிக் பண்ணி கப்போட மட்டும் கிளிப் பண்ணிக்குங்க. ஒவ்வொரு சேனலா போயி, கீழ இடது மூலைப் புள்ளிய நேரா மேல தூக்கணும், மேல வலது மூலைப் புள்ளிய நேரா கீழ எறக்கணும், அவ்ளோதான். எனக்கு ரெட்ல கீழ் அவுட்புட் 22, மேல் 215 கிட்ட வந்துச்சு, கிரீன்ல 27ம் 220ம், புளூல 34ம் 229ம். திரும்ப ஐட்ராப்பர வச்சுப் பாத்தா காபியும் கைப்பிடி நிழலும் ஏறக்குறைய ஒரே எண்ணு காட்டுச்சு. சட்டத்து பெயிண்டும் பீங்கானும் ஒரே வெள்ளை இல்லதான், அதனால வெள்ளைய எண்ணுல கொண்டாந்து நிறுத்திட்டு கடைசியா கண்ணால ரெண்டு மூணு புள்ளி முன்ன பின்ன தள்ளினேன். கான்ட்ராஸ்ட் கொறையும்போது நிறமும் சேந்து மங்கும், பனிக்கு அது சரிதான், அதனால லேயர நார்மல் மோட்லயே விட்டேன். இதுவே கான்ட்ராஸ்ட ஏத்தற வேலையா இருந்தா நிறம் பொங்கிரும், அப்ப அந்தக் கர்வ்ஸ் லேயர லுமினாசிட்டில வைக்கணும்.

இங்க நான் பண்ணின ஒரு தப்பையும் சொல்லிரணும். முதல் தடவ கறுப்புக்கு அளவா பின்னாடி இருக்கற ஓக் மரத்து அடியத் தொட்டுட்டேன், அங்க 92, 99, 108. அதுக்குப் பொருத்தினா கப்பு சாம்பல் பூசின மாதிரி ஆயி, கைப்பிடில நிக்காம பள்ளத்துக்கு மேல அந்தரத்துல மிதக்குது. எந்தத் தூரத்துல பொருள வைக்கறமோ அந்தத் தூரத்து இருட்டத்தான் அளக்கணும்.

இனி கிரெய்ன். பையன் விடியக்காலைல ஐஎஸ்ஓ 3200ல எடுத்திருக்கான், படம் முழுக்க பொடிப்பொடியா நாய்ஸ், கப்பு மட்டும் கண்ணாடி மாதிரி வழவழன்னு. பெரிய ஸ்டாக் ஃபைல சின்னதா சுருக்கி வச்சதுல அதுல இருந்த கொஞ்சநஞ்சமும் போயிருச்சு, ஓரமும் பின்னணிய விடக் கூர்மையா நின்னுச்சு, அதனால முதல்ல கப்புக்கு அரைப் பிக்ஸல் காஸியன் பிளர் குடுத்தேன். அளவு, பிளர், கர்வ்ஸ் எல்லாம் முடிஞ்சப்புறம்தான் கிரெய்ன் போடணும், போட்டதுக்கப்புறம் கப்பச் சுருக்கினா பொடியோட சைஸும் மாறிரும்.

யூடியூப்ல எல்லாரும் 50% சாம்பல் லேயர்ல நாய்ஸ் போட்டு ஓவர்லே மோட்ல வைன்னுதான் சொல்றாங்க. நானும் வருசக்கணக்கா அப்படித்தான் பண்ணிட்டு இருந்தேன். ஆனா ஓவர்லேவோட கணக்கப் பாத்தீங்கன்னா நடு டோன்லதான் அது முழுசா வேலை செய்யும், கீழ இருக்கறது இருட்டா இருக்க இருக்க கிரெய்னும் சுருங்கிரும். அளவு 26ல இருக்கற காபி மேல, நடு டோன்ல விழறதுல அஞ்சுல ஒரு பங்குதான் விழும். கேமரா நாய்ஸோ நேர் எதிர், இருட்டுலதான் கண்ணுக்கு நல்லாத் தெரியும். அதனாலதான் ஓவர்லே போட்டவங்க படத்துல பொருளோட நிழல் பக்கம் மட்டும் மழுமழுன்னு நின்னு காட்டிக் குடுத்துரும். லீனியர் லைட்ல வைங்க, அது எல்லா டோன்லயும் ஒரே அளவு சேக்கும், வெள்ளைல அதிகமாத் தெரிஞ்சா லேயர் மாஸ்க்ல சாம்பல் பிரஷ்ஷால லேசா தடவிக் கொறச்சுக்கலாம்.

ஆல்ட் அமுக்கிட்டு புது லேயர் பட்டனத் தொட்டா பெட்டி வரும், மோட `Linear Light`னு வச்சு 50% சாம்பல் நிரப்பற டிக்கப் போட்டு, கப்போட கிளிப் பண்ணி, அந்த லேயர ஸ்மார்ட் ஆப்ஜெக்டா மாத்திட்டா அப்புறம் எண்ண எப்ப வேணாலும் திருத்தலாம். அதுல `Filter > Noise > Add Noise`, காஸியன், மோனோகுரோமேட்டிக். லீனியர் லைட் வீரியத்த ரெட்டிப்பாக்கும், அதனால 2% மாதிரி கம்மியா ஆரம்பிங்க. அதுக்கு மேல 0.4 பிக்ஸல் காஸியன் பிளர் வேணும், ஏன்னா கேமரா நாய்ஸ் ஒவ்வொரு பிக்ஸலும் தனித்தனியா கூரா இருக்காது, பக்கத்துப் பிக்ஸலோட கொஞ்சம் கலந்துதான் இருக்கும். இந்தப் பொடி சைஸ் விசயத்துல ஏமாந்தா, படத்தச் சுருக்கும்போது கப்போட மெல்லிசு கிரெய்ன் மறைஞ்சு பின்னணியோடது மட்டும் நிக்கும், அதனால பிரிண்ட் போற சைஸ்லயே வச்சு 100% ஜூம்ல பாருங்க.

எவ்ளோ போதும்ங்கறதுக்கும் அளவு இருக்கு. ஹிஸ்டோகிராம் பேனல `Expanded View`ல வச்சு புள்ளிவிவரத்த காட்டச் சொன்னா `Std Dev`னு ஒரு எண்ணு வரும். கைப்பிடில வழவழப்பான, ஒரே வெளிச்சம் இருக்கற எடத்துல 40 பிக்ஸல் சதுரம் செலக்ட் பண்ணினா எனக்கு 7 கிட்ட காட்டுச்சு, கப்போட அதே டோன் பக்கத்துல 1.4. மூலைல மஞ்ச முக்கோணம் வந்தா அதத் தொடுங்க, இல்லன்னா பழைய கணக்கத்தான் காட்டிட்டு இருக்கும். நாய்ஸ அரை அரையா ஏத்தி எறக்கி ரெண்டையும் சமமாக்கினேன், 2%க்குப் பக்கத்துலயே முடிஞ்சுச்சு. செலக்ட் பண்ற எடத்துல நெளிவோ ஷேடோ ஏறி எறங்கறதோ இருந்தா அதுவும் எண்ணுல சேந்துரும், அதான் சமதளமா எடுக்கணும்ங்கறது.

அப்புறம் சேனல் பேனல்ல ஒவ்வொண்ணா பாத்தா புளூல மட்டும் பின்னணி இன்னும் கரடுமுரடா இருக்கு, கப்பு அமைதியா இருக்கு. வழக்கமா புளூலதான் நாய்ஸ் அதிகம். இன்னொரு கிரெய்ன் லேயர் போட்டு `Blending Options`ல R, G டிக்க எடுத்துட்டு B மட்டும் விட்டா அது நீலத்துல மட்டும் விழும், அதுக்கு பிளர ஒரு பிக்ஸல் வரைக்கும் ஏத்துனேன், நிற நாய்ஸ் திட்டுத்திட்டாத்தான் இருக்கும்.

எல்லாம் முடிஞ்சுதுன்னு மேல தற்காலிகமா ஒரு செங்குத்தான கர்வ்ஸ் லேயர் போட்டேன், அப்படிப் போட்டா ஒளிஞ்சிருக்கற வித்தியாசம் எல்லாம் கத்தும். கப்பு பொருந்திருச்சு. ஆனா கப்புக்குக் கீழ ஒரு வழவழப்பான திட்டு. என்னடான்னா நான் பிரஷ்ல வரைஞ்ச நிழல், மல்டிப்ளைல இருந்ததால கைப்பிடியோட நாய்ஸையும் சேத்து அமுக்கிருச்சு, கிரெய்ன் லேயரோ கப்போட மட்டும் கிளிப் ஆயிருக்கு. கிரெய்ன ஒரு காப்பி எடுத்து கிளிப்ப விடுவிச்சு, நிழல் ஓரத்துக்கு மாஸ்க் போட்டு, அங்கயும் ஒரு சதுரம் செலக்ட் பண்ணி அளந்து சரிபண்ணினேன்.

இந்தத் தடவ வாட்ஸ்அப்ல அனுப்பல, அது கம்ப்ரஸ் பண்ற பண்ணுல கிரெய்ன் எல்லாம் குழம்பிரும், டிஃப் ஃபைலா பென் டிரைவ்ல போட்டுக் குடுத்து லேப்ல ஒரு அடி துண்டு மட்டும் டெஸ்ட் பிரிண்ட் எடுத்துக் காட்டினேன். மனுசன் கப்பப் பத்தி ஒண்ணுமே பேசல, அந்தக் கைப்பிடிக்கு வார்னிஷ் அடிக்கணும்னு பையன்கிட்ட ஃபோன்ல சொல்லிட்டு இருந்தாரு.